டென்னிஸ் ஸ்கிரீன்ஷாட்டில் சதவீதத்தை விட்டுப் பின்னத்தைப் பாருங்கள்

ஆட்டம் முடிந்த கையோடு அதன் புள்ளிவிவர ஸ்கிரீன்ஷாட் சுற்றுக்கு வந்துவிடும். முதல் சர்வ் சதவீதம் இருக்கும் மேல்வரிசை வெட்டுப்பட்டிருந்தாலும் கவலையில்லை, "முதல் சர்வ் வெறும் 46 சதவீதம், அதான் தோற்றார்" என்று யாராவது தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்த 46 எங்கிருந்து வந்தது?

ஒரு வீரருக்கு `1st Serve Points Won 38/52`, `2nd Serve Points Won 15/30` என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 38 என்பது முதல் சர்வ் உள்ளே விழுந்து, அவர் வென்ற பாயின்ட்கள். உள்ளே விழுந்த முதல் சர்வ்களோ 52. மீதி 30 பாயின்ட்களில் முதல் சர்வ் தவறி, இரண்டாவது சர்வுக்குப் போயிருக்கிறார். ஆக மொத்தம் 82 பாயின்ட். முதல் சர்வ் உள்ளே விழுந்தது 52/82, அதாவது 63 சதவீதம். சராசரியாகவே போட்டிருக்கிறார், பாவம். 38-ஐ 82-ஆல் வகுத்தால்தான் அந்த 46 வரும்.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. இரண்டு சர்வும் தவறிய டபுள் ஃபால்ட்கள் அந்த 30-க்குள் இருக்க வேண்டும். இருக்கின்றனவா என்று எதிராளியின் பக்கம் பார்த்தால் தெரியும். நம்மவர் 82-ல் 53 வென்றால், எதிராளியின் `Return Points Won` 29/82 என்று வர வேண்டும். டபுள் ஃபால்ட் 4, எதிராளியின் வரிசையோ 33/86 என்றால் அந்த நான்கையும் விட்டுவிட்டார்கள். அப்போது சரியான கணக்கு 52/86, 60 சதவீதம்.

பிரேக் பாயின்ட், அதாவது எதிராளி சர்வ் போடும் கேமை அடுத்த பாயின்ட்டிலேயே வெல்லும் வாய்ப்பு, அந்தக் கணக்கில்தான் எனக்குக் கோபமே வரும். நம்மவரின் வரிசையில் `Break Points Saved 5/8` என்றிருந்தால், எதிராளி 8 வாய்ப்பில் 3 எடுத்தார், 37.5 சதவீதம். கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த 8 வாய்ப்பும் எத்தனை கேமில் வந்தன என்று அந்த வரிசை சொல்லாது. ஒரே கேமில் இரண்டு பிரேக் பாயின்ட்டை விட்டு மூன்றாவதில் பிரேக் செய்தால் 1/3, 33 சதவீதம். கேம் என்னவோ கைக்கு வந்துவிட்டது! எல்லா கேமிலும் இப்படியே பிரேக் செய்தாலும் ஸ்கிரீன்ஷாட் 33 என்றுதான் காட்டும். இன்னொருவர் ஆட்டம் முழுக்க ஒரே வாய்ப்பு பெற்று அதை எடுத்தால் 100.

2019 விம்பிள்டன் இறுதிப் போட்டியைப் பாருங்கள். ஃபெடரர் 7/13, 54 சதவீதம். ஜோகோவிச் 3/8, 38 சதவீதம். மொத்தப் பாயின்ட்டிலும் ஃபெடரர்தான் மேலே, 218-204. கோப்பை ஜோகோவிச்சுக்கு. அவர் வென்ற மூன்று செட்டும் டைபிரேக்கில் முடிந்தவை. டைபிரேக்கில் எதிராளியின் சர்வில் எடுக்கும் பாயின்ட் பிரேக் பாயின்ட் வரிசையில் ஏறாது. ஃபெடரரின் ஏழு பிரேக்கில் மூன்று, 6-1 என்று முடிந்த ஒரே செட்டில் போய்விட்டன.

அதனால் சதவீதம் மட்டும் போட்ட படம் வந்தால் நான் முதல் சர்வைப் பற்றி ஏதோ பேசுவேன், பிரேக் பாயின்ட்டைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன். முதலாவதில் எண்பது, தொண்ணூறு சர்வ்கள் இருக்கும். இரண்டாவதில் வெறும் எட்டு; ஒரு பந்து கோட்டைத் தொட்டுவிட்டால் 37.5 அப்படியே 50 ஆகிவிடும்.