தூங்கும்போது தின்னப்பட்ட 2 ஜிபி

குமுளியில் ஏலக்காய் வாங்கி விற்கும் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். 28 நாளுக்கு மொத்தமாக 2 ஜிபி தரும் சிறிய பேக்கைத்தான் போட்டுக்கொள்கிறேன். புற்றடி ஏலத்தில் அன்றைக்கு என்ன விலை போயிற்று என்று வாட்ஸ்அப்பில் பார்ப்பதற்கும், யூபிஐயில் நாலு பேருக்குப் பணம் அனுப்புவதற்கும் அது தாராளமாகப் போதும். போன மாதம் 3ஆம் தேதி ரீசார்ஜ் செய்த பேக், 7ஆம் தேதி காலையிலேயே தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. நான்கு நாளில் 2 ஜிபியைத் தின்ன நான் என்ன சினிமாவா பார்த்தேன்?

கோபத்தோடு போனின் Settings-க்குள் புகுந்து, எந்த ஆப் எவ்வளவு டேட்டா எடுத்தது என்று காட்டும் App data usage பக்கத்தைத் திறந்தேன். (இது ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மூலையில் ஒளிந்திருக்கும், மேலே உள்ள தேடும் பெட்டியில் data usage என்று அடித்தால் கிடைத்துவிடும்.) வாட்ஸ்அப் 400 எம்பியும் மற்றவை சில்லறையுமாக இருக்க, முதல் இடத்தில் 1.3 ஜிபியோடு உட்கார்ந்திருந்தது பிளே ஸ்டோர். அதில் நான் ஒரு பொருளும் இறக்கவில்லையே என்று உள்ளே போய், Manage பக்கத்தில் ஆப்களைக் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது, முந்தின இரவு ஒரே மூச்சில் பதினொரு ஆப்கள் புதுப்பிக்கப்பட்டிருந்தன. அவற்றில் பெரியது, லீவுக்கு வந்திருந்த மருமகன் ஏற்றிவிட்டுப் போன ஒரு கார் பந்தய விளையாட்டு! நான் தொட்டே பாராத அந்த விளையாட்டுக்குப் புதுச் சாலைகள் போட என் டேட்டா செலவாகியிருக்கிறது.

போன் சார்ஜில் இருந்து, யாரும் தொடாமல் சும்மா கிடக்கும் நேரம் பார்த்துத்தான் இந்தப் புதுப்பித்தல் பெரும்பாலும் நடக்கிறது. நெட்டை அணைக்காமல் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினேன். திருடனுக்குக் கதவைத் திறந்துவைத்த கதைதான். ஆனால் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் இருக்கவேண்டுமே என்று தேடினேன். பிளே ஸ்டோரில் நம் படத்தைத் தொட்டு, Settings, Network preferences, Auto-update apps என்று போனால் அந்தத் தாழ்ப்பாள் இருக்கிறது. அங்கே Over any network என்று தேர்வு செய்யப்பட்டிருந்தது. போனைப் புதிதாக வாங்கியபோது எல்லாம் செட் செய்து தருகிறேன் என்று பிடுங்கிக்கொண்ட கடைப் பையனின் கைவேலையாகத்தான் இருக்கவேண்டும். அவனிடம் கேட்டதற்கு, "அண்ணா, இப்ப யாரு கணக்குப் பாத்து நெட் யூஸ் பண்றா?" என்று சிரிக்கிறான். நான் பார்க்கிறேனடா, தம்பி!

அதை Over Wi-Fi only என்று மாற்றினேன். அடியோடு நிறுத்தும் Don't auto-update apps என்பதை நான் தொடவில்லை. பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் திருத்தங்களும் இந்தப் புதுப்பித்தல் வழியாகத்தான் வருகின்றன, வங்கி ஆப்போ பழையதாகிவிட்டால் திறக்கவே மறுத்துவிடும். மாதம் ஒருமுறை கம்பத்தில் அண்ணன் வீட்டு வைஃபையில் போனைச் சார்ஜில் போட்டுவைத்தால் போதும். இதற்குப் பக்கத்திலேயே App download preference என்று இன்னொன்று இருக்கிறது. நாமே ஒரு ஆப்பை இறக்கும்போது எந்த நெட்டில் இறக்குவது என்பதற்கு அது. அதில் Ask me every time என்று வைத்தேன். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது என்பது எனக்கு எரிச்சல்தான்.

இத்தனையும் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடிகிறதா? யாராவது ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தால் நம் போனுக்கு அதுவும் வைஃபைதான். அது மொபைல் டேட்டா என்று சில நேரம் போனுக்கே தெரிந்துவிடும்; தெரியாத நேரத்தில் கொடுத்தவர் பேக் காலியாகும். அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தொட்டு Treat as metered என்று குறித்துவிட்டால் பயமில்லை. இதைச் செய்யாமல் மைத்துனரின் ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொள்ளாதீர்கள். நல்ல உறவு கெடும்.

கடைசியாக, 1.8 ஜிபி ஆனதும் டேட்டாவையே நிறுத்தும்படி Data limit போட்டுவைத்தேன். நிறுவனத்தின் கணக்கும் போனின் கணக்கும் ஒன்றுபோல இருக்காது என்பதால் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துகிறேன். அதிலும் ஒரு வம்பு. பேக்குக்கு 28 நாள், போனுக்கோ காலண்டர் மாதம். 3ஆம் தேதி போட்ட பேக் 30ஆம் தேதியோடு முடிந்து, 31ஆம் தேதி புது 2 ஜிபி வந்த பிறகும், பழைய கணக்கிலேயே நிற்கும் போன் "வரம்பு தாண்டிவிட்டது" என்று நெட்டை அணைத்துவிட்டது. காசு கட்டியும் அன்று ஏல விலை பார்க்க முடியவில்லை. இப்போது ரீசார்ஜ் செய்த கையோடு, கணக்குத் தொடங்கும் தேதியையும் நானே போனில் மாற்றிவைக்கிறேன், வருடத்துக்குப் பதின்மூன்று தடவை.