ஆயிரம் என்று அச்சடித்தால் ஆயிரமா?

இணையத்தில் சத்து மாத்திரை விற்பவர்களிடம் பின்பக்க லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டால், மறுபடியும் டப்பாவின் முன்பக்கத்தையே அனுப்புகிறார்கள். மலை உச்சியில் கை விரித்து நிற்கும் பெண்ணுக்கு ஒரு படம், கீரைக்கட்டுக்கு ஒரு படம் போட இடமிருக்கிறது. எதில் எவ்வளவு என்று எழுதிய அந்தக் கட்டத்துக்கு மட்டும் இடமில்லை!

தேடியது மெக்னீசியம் கிளைசினேட். அமெரிக்க டப்பாவில் 200 மி.கி., உள்ளூர் டப்பாவில் 1000 மி.கி., அதுவும் பாதி விலைக்கு. பார்ப்பவர்கள் உள்ளூர் மாத்திரைக்கு ஐந்து மடங்கு வீரியம் என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைக்கட்டும் என்றுதானே கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்? அமெரிக்க விதிப்படி, சத்து அட்டவணையில் மெக்னீசியத்தின் எடையை மட்டுமே காட்ட வேண்டும். இந்த உள்ளூர் டப்பாவின் ஆயிரமோ மொத்தக் கிளைசினேட்டின் எடை. அதில் மெக்னீசியம் ஏறக்குறைய 14 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு கிளைசின் என்ற அமினோ அமிலம். ஆக ஆயிரம் என்பது 140. அதுவும் இரண்டு மாத்திரைக்கு! ஒன்றுக்கு 70. அமெரிக்க டப்பாவின் 200-ம் இரண்டு மாத்திரைக்கான கணக்குதான், ஆனாலும் ஒன்றுக்கு 100 வருகிறது.

விற்பனையாளரிடம் கேட்டேன்: "ஒரு மாத்திரையில் மெக்னீசியம் மட்டும் எவ்வளவு?"

"1000 மி.கி. சார்."

"அது கிளைசினேட்டின் எடையா, மெக்னீசியத்தின் எடையா?"

"நூறு சதவீதம் ஒரிஜினல் சார்."

"இரண்டில் எது?"

"இன்று ஆர்டர் செய்தால் நாளைக்கே வந்துவிடும் சார்."

கேட்டது என்ன, சொல்வது என்ன! சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மெக்னீசியம் ரத்தத்தில் தேங்கிவிடும். மருத்துவர் அளவு கேட்டால் அவர்கள் எந்த எண்ணைச் சொல்வார்கள்?

இரண்டு எடையையும் ஒழுங்காக அச்சிடும் உள்ளூர் நிறுவனங்களும் உண்டு. அவர்களுடைய சரக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் கண் பூத்துவிடுகிறது. ஆயிரம் மி.கி. கிளைசினேட்டில் 300 மி.கி. மெக்னீசியம் என்று எழுதியிருந்தால் அதையும் நம்பாதீர்கள். மலிவான மெக்னீசியம் ஆக்சைடைக் கலந்திருப்பார்கள். அதில் மெக்னீசியம் 60 சதவீதம் இருப்பதால் எண் எகிறும். உடம்பு உறிஞ்சுவது சொற்பம், வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

இறக்குமதிச் சரக்கு என்றாலே யோக்கியம் என்று எண்ணிவிடவும் வேண்டாம். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் கொண்ட ஸ்டிக்கர் டப்பாவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது முறையான வழியில் வந்த சரக்கல்ல. கெட்டுப்போனால் யார் சட்டையைப் பிடிப்பது? அந்த ஸ்டிக்கரையும் எவரும் படத்தில் காட்டுவதில்லை. வாங்கிப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், பிரித்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

சரி, வாங்கியவர்களாவது எழுதியிருப்பார்களே என்று விமர்சனங்களைப் படித்தால், ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதுகிறார்கள்: "அட்டைப்பெட்டி நசுங்காமல் வந்தது." ஐயா, மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாதா!