சின்ன வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க முதல் ரேங்க் பிள்ளையை அனுப்பாதீர்கள்

பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டை எந்தப் பள்ளி தொடங்கினாலும் முதலில் ஒன்றுதான் நடக்கிறது. ஆசிரியர் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, முதல் ரேங்க் வாங்குகிற நாலைந்து பேரை எழுப்பி அனுப்பிவிடுவார். நன்றாகத் தெரிந்தவர்தானே சொல்லிக்கொடுக்க முடியும் என்பது அவர் கணக்கு. இப்படி ஜோடி ஜோடியாக உட்காரவைத்துக் கணக்குப் பாடம் நடத்துவதைப் பல வருடங்களாகப் பக்கத்திலிருந்து பார்த்துவருகிறேன். அந்தத் தேர்வு பெரும்பாலும் தப்பு என்றே நினைக்கிறேன்.

இந்த வேலைக்குப் பொருத்தமானவர் நடுவாந்தரமாகப் படிக்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளை. ஏழாம் வகுப்பு இயற்கணிதத்தில் தடுமாறலாம், தப்பில்லை. நாலாம் வகுப்புக் கழித்தலைப் பிழையில்லாமல் போடத் தெரிந்தால் போதும். அது ஏன் அப்படி வருகிறது என்று தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்பதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். கணக்கு: 402 − 178. பையன் யோசிக்காமல் 376 என்று எழுதுகிறான். ஆசிரியர் கையில் இந்த நோட்டு கிடைத்தால் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழும், அவ்வளவுதான். ஆனால் 376 கவனக்குறைவில் வந்த விடை அல்ல. இரண்டிலிருந்து எட்டு போகாது என்பதால் எட்டிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான். ஜீரோவிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து ஜீரோவைக் கழித்திருக்கிறான். கடைசியில் நாலில் ஒன்று போக மூன்று. எந்த இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிப்பது என்று தானே ஒரு விதி வைத்துக்கொண்டு அதன்படி ஒழுங்காகப் போட்டிருக்கிறான். எந்த ஊர்ப் பிள்ளையானாலும் கழித்தலில் அதிகம் செய்யும் தவறு இதுதான்.

அந்தப் பெண் "தப்பு" என்று சொல்லவில்லை. விடையையும் 178-ஐயும் கூட்டிப் பார்க்கச் சொன்னாள். பையன் கூட்டினான், 554 வந்தது. "402 தானே வரணும்?" என்று தானே கேட்டுக்கொண்டான். அப்புறம் அவள் தனக்குத் தெரிந்த முறையில் போட்டுக்காட்டினாள்: பக்கத்தில் கடன் வாங்கணும், பக்கத்தில் ஜீரோ, அதனால் அதற்கும் பக்கத்தில் போய் வாங்கணும், நாலு மூன்றாகிவிடும், ஜீரோ ஒன்பதாகிவிடும், இரண்டு பன்னிரண்டாகிவிடும். பையன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஜீரோ எப்படி ஒன்பது ஆச்சு? பத்து தானே வாங்கினோம்?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் போட்டுவருகிறாள், விடையும் சரியாகவே வந்திருக்கிறது, அவளை யாரும் இதுவரை கேட்டதில்லை. இந்த இடத்தில் இரண்டு வழி இருக்கிறது. "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று தாண்டிப்போய்விடலாம். இல்லையென்றால் நின்று யோசிக்கலாம். அவள் நின்றாள். நூறு, பத்து, ஒன்று என்று எழுதிய அட்டைகளை எடுத்தாள். நாலு நூறு, இரண்டு ஒன்று. ஒரு நூறை எடுத்துவிட்டுப் பத்துப் பத்துகளை வைத்தாள். அதில் ஒரு பத்தை எடுத்துவிட்டு, பத்து ஒன்றுகளை வைத்தாள். மீதி இருக்கும் பத்துகளை எண்ணச் சொன்னாள். ஒன்பது. பையனுக்கு முன்னால் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அதோடு விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இரு, இப்படியும் பார்க்கலாம்" என்றாள். 402-இல் மொத்தம் எத்தனை பத்துகள்? நாற்பது. அதில் ஒன்றை உடைத்தால் மீதி 39 பத்துகள், கையில் 12 ஒன்றுகள். 12-இல் 8 போனால் 4. 39-இல் 17 போனால் 22. விடை 224. இந்த வழியை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அடுத்து 1003 − 457 கொடுத்தபோது பையனே 99 பத்துகள், 13 ஒன்றுகள் என்று ஆரம்பித்து 546-க்கு வந்துசேர்ந்தான்.

இதில் பையனுக்குக் கிடைத்த லாபம் கண்ணுக்குத் தெரிகிறது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான். மூன்று வயது மூத்த அக்காவிடம் கேட்டான். அவள் மதிப்பெண் போடப்போவதில்லை, வீட்டுக்குச் சொல்லப்போவதும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு வந்த லாபத்தைத்தான் நாம் கணக்கில் எடுப்பதில்லை. தசம எண்களிலும் இயற்கணிதத்திலும் அவள் தடுமாறியதற்கு ஒரு காரணம் இடமதிப்பு உள்ளே இறங்காமல் இருந்ததுதான். நாலாம் வகுப்புப் பாடத்தை மறுபடி படி என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னால் அவமானமாக எடுத்துக்கொள்ளும். நாலாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடு என்றால் அதே பாடத்தை மரியாதையோடு படிக்கும். எனக்குத் தெரிந்து, விட்டுப்போன அடிப்படையைத் திரும்பக் கட்டுவதற்கு இவ்வளவு கௌரவமான வழி வேறு இல்லை.

ஆய்வுகளும் இதைக் காட்டுகின்றன. கோஹன் என்ற கல்வி ஆய்வாளரும் குலிக் என்ற பெயருடைய ஆய்வாளர்கள் இருவரும் சேர்ந்து 1982-இல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கத்தை அளவுகோலாக வைத்தால், கற்றுக்கொண்ட பிள்ளைகளின் முன்னேற்றம் சராசரியாக 0.40, சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் முன்னேற்றம் 0.33. இரண்டும் கிட்டத்தட்டப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்பதே அதில் கவனிக்க வேண்டியது. ஆனால் சொல்லிக்கொடுப்பவருக்கு அந்தப் பலன் தானாக வந்துவிடாது. ராட் ரோஸ்கோவும் மிஷலின் சீயும் 2007-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்கியது. பயிற்சி இல்லாத மாணவர்கள் பெரும்பாலும் தங்களுக்குத் தெரிந்ததை அப்படியே ஒப்பிக்கிறார்கள், அதில் அவர்களுக்குப் புதிதாக எதுவும் சேர்வதில்லை. விளக்கத் தெரியாமல் தடுமாறி, தன் விளக்கத்தையே சோதித்துத் திருத்திக்கொள்ளும்போதுதான் அறிவு கூடுகிறது. பெரும்பாலும் சின்னப் பிள்ளையின் ஒரு கேள்விதான் அந்தத் தடுமாற்றத்தைக் கிளப்பிவிடுகிறது.

முதல் ரேங்க் பிள்ளையிடம் எனக்குள்ள தயக்கம் இதனால்தான். அந்தப் பிள்ளைக்கு விடை சட்டென்று வந்துவிடும், உடனே சொல்லியும்விடும். எதிரில் இருப்பது தலையாட்டிவிடும். கேள்வி பிறக்கவே இடமிருக்காது. விதிவிலக்கான பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், அவர்களைத் தாராளமாக அனுப்பலாம். ஆனால் ரேங்க் பட்டியலைப் பார்த்து அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே உட்காரவைப்பதற்கு முன் பயிற்சி கட்டாயம். நீளமாக வேண்டாம், இரண்டு வகுப்பு நேரம் போதும். நான் வலியுறுத்துவது இரண்டே விஷயங்கள்தான். ஒன்று, பென்சில் எப்போதும் சின்னப் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். பெரிய பிள்ளை போட்டுக்காட்ட விரும்பினால் தனித்தாளில் போடட்டும். அறையில் நடக்கும்போது ஒவ்வொரு ஜோடியிலும் பென்சில் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்தாலே எந்த ஜோடி சரியாகப் போகிறது, எது போகவில்லை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டாவது, காத்திருப்பது. கேள்வி கேட்டதும், அல்லது பிள்ளை தப்பாகப் போட்டதும், மனசுக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்கிறேன். கல்வி ஆய்வாளர் கீத் டாப்பிங் பரப்பிய ஜோடி வாசிப்பு முறையிலும் சின்னப் பிள்ளை தப்பாக வாசித்தால் நாலைந்து விநாடி விட்டுப் பிடிப்பதுதான் வழக்கம். அதற்குள் அந்தப் பிள்ளையே திருத்திக்கொண்டால் அது அதன் சொந்தத் திருத்தம். பெரிய பிள்ளைகளுக்கு இந்த ஐந்து விநாடிதான் மிகக் கஷ்டம். முதல் வாரத்தில் இரண்டு எண்ணுவதற்குள் விடையைச் சொல்லிவிடுவார்கள்.

ஜோடி சேர்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மிகவும் பின்தங்கிய சின்னப் பிள்ளைக்கு மிகவும் கெட்டிக்காரப் பெரிய பிள்ளையைக் கொடுக்கத்தான் தோன்றும். இடைவெளி ரொம்பப் பெரிதானால் பெரிய பிள்ளை சலித்துப்போகும், சின்னது மிரண்டுபோகும். இரு வகுப்பையும் தனித்தனியாக வரிசைப்படுத்தி, மேலே இருப்பவரை மேலே இருப்பவரோடும் கீழே இருப்பவரைக் கீழே இருப்பவரோடும் சேர்த்தால் இடைவெளி எல்லா ஜோடிக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வயது வித்தியாசம் இரண்டு மூன்று வருடம் போதும். கூடப்பிறந்தவர்களை மட்டும் சேர்க்காதீர்கள், வீட்டுச் சண்டை மேஜைக்கு வந்துவிடும்.

பெரிய பிள்ளையே தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான பயம். அதற்காகத்தான் விடை அட்டை ஒன்றைக் கவிழ்த்து வைக்கிறோம், ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் இருவரும் சேர்ந்து திருப்பிப் பார்க்க வேண்டும். விடை ஒத்துவராவிட்டால் ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். அதாவது ஆசிரியர் அறையில் இருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளியை 1789 முதல் நடத்தினார். இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். அதைக் கீழ் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க மூத்த மாணவன் ஒருவனையே நிறுத்தினார். இங்கிலாந்து திரும்பி 1797-இல் அதைப் புத்தகமாக்கினார், மெட்ராஸ் முறை என்று உலகம் சுற்றியது. அங்கே அதற்கு மவுசு வந்ததற்குப் பெரிய காரணம், ஒரே ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பது. மூத்த மாணவர் என்ன கற்றுக்கொண்டார் என்பதைவிடச் செலவு எவ்வளவு மிச்சம் என்பதே பேச்சானது. இன்றும் ஆசிரியர் பற்றாக்குறையை மறைக்க யாராவது இதைக் கையிலெடுத்தால் நான் எதிர்ப்பேன்.

எல்லா இடத்திலும் பலன் வந்துவிடுவதும் இல்லை. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் 129 தொடக்கப்பள்ளிகளில் இரண்டு வருடம் நடத்திப் பார்த்தார்கள். ஒரே வகுப்புக்குள் சேர்த்த ஜோடிகளைவிட, வயது வித்தியாசம் உள்ள ஜோடிகளில் பெரியவர், சின்னவர் இருவருமே அதிகம் முன்னேறினார்கள். அதே பாணியில் இங்கிலாந்தில் கணக்குக்காக நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2015-இல் வந்தது, இரு தரப்புக்கும் குறிப்பிடும்படியான பலன் இல்லை. என் கணிப்பு, ஏற்பாட்டின் பெயரில் எதுவும் இல்லை, அந்த மேஜையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதனால்தான் நடத்துகிற பள்ளிகளிடம் நான் கேட்பது ஒன்று. வாரத்துக்கு மூன்று முறை, இருபது நிமிடம், பத்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் சின்னப் பிள்ளைக்குத் தேர்வு வைப்பீர்கள். பெரிய பிள்ளைக்கும் வையுங்கள். அந்தத் தாளில் விடை மட்டும் கேட்காதீர்கள், 402-இல் ஜீரோ எப்படி ஒன்பது ஆகிறது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பத்து வாரம் கழித்தும் "கடன் வாங்கினால் ஒன்பதாகிவிடும்" என்று மட்டும் எழுதினால், அந்த ஜோடியில் பென்சில் யார் கையில் இருந்தது என்று போய்ப் பாருங்கள்.