அந்த மேப்பைப் பற்றி கடைசியாக ஒரு தடவை

இனி இதைப் பற்றிப் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி வரைக்கும் சோழர் காலத்துக் கோட்டமும் நாடும்தான் இன்றைய மாவட்டமும் தாலுகாவும் என்று காட்டுகிற அதே மேப்பை இன்பாக்ஸில் அனுப்பி, "இதுக்கு என்ன சொல்றீங்க சார்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சரி, சொல்லிவிடுகிறேன்.

இன்றைய மாவட்ட மேப்பை எடுத்து, எல்லைக்கோட்டை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தாமல், சென்னை மேல் "புலியூர்க் கோட்டம்" என்று எழுதிக் கலர் அடித்தால் அது சோழர் காலத்து மேப் ஆகிவிடாது. கோட்டம் மாவட்டம் இல்லை. நாடு தாலுகா இல்லை. நான் போட்ட கமெண்ட் இவ்வளவுதான்.

புலியூர்க் கோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னை, காஞ்சிபுரம் பக்கத்துத் தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று. ஒரு கோட்டத்துக்குள் பல நாடுகள். கோடம்பாக்கத்தில் இருக்கிற புலியூர்தான் பெயருக்குக் காரணம். திருவான்மியூர் இந்தக் கோட்டத்தில் கோட்டூர் நாடு. இன்று சென்னை மாவட்டம். திருச்சுரம், அதாவது இன்றைய திருசூலம், சுரத்தூர் நாடு; இன்று செங்கல்பட்டு மாவட்டம். சேக்கிழாரின் குன்றத்தூரும் இதே கோட்டம்தான். இன்று காஞ்சிபுரம் மாவட்டம். ஒரே கோட்டம் மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. இதில் எதை எதன் மேல் ஒட்டுவீர்கள்?

எங்கள் பாட்டியின் நிலம் குன்றத்தூர்ப் பக்கம். முதல் பத்திரத்தில் செங்கல்பட்டு ஜில்லா. அடுத்ததில் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997க்குப் பிறகு காஞ்சிபுரம். அத்தை வீடு திருநீர்மலை. அவரும் காஞ்சிபுரமாகத்தான் இருந்தார், 2019இல் ஒரே நாளில் செங்கல்பட்டுக்காரர் ஆகிவிட்டார். நிலம் அங்கேயேதான் இருக்கிறது, அதே ஏரித் தண்ணீர்தான். "நான் எந்த ஜில்லாடா இப்போ?" என்று போனில் கேட்டார், பாவம். மாவட்டம் என்பது அரசாணை. கையெழுத்துப் போட்டால் பிறக்கும், இன்னொரு கையெழுத்தில் பிரியும்.

நாடு அப்படி வந்ததில்லை. கல்வெட்டு அறிஞர் எ. சுப்பராயலு சோழ நாட்டு ஊர்களைக் கல்வெட்டு கல்வெட்டாகப் பார்த்து மேப்பில் குறித்தபோது, பல நாடுகளில் ஆறோ வாய்க்காலோ எல்லையாக இல்லை, நடுவில் ஓடுகிறது. தண்ணீரின் இரண்டு கரையிலும் உழுதவர்கள் சேர்ந்ததுதான் நாடு. அதனால்தான் ஒன்று பெரிதாகவும் ஒன்று கைக்குட்டை அளவாகவும் இருக்கிறது. அங்கே நாட்டார் என்று ஒரு சபை இருந்தது; வரி, நிலம் என்று அவர்கள் கையெழுத்துப் போட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்றைய தாலுகாவுக்கு அப்படி ஒரு சபை உண்டா? தாசில்தார் இருக்கிறார், அவரும் மாற்றலில் போய்விடுவார்.

"அப்போ ராஜா போட்ட எல்லையே கிடையாதா?" என்று ஒரு தம்பி மடக்கினார். உண்டு தம்பி, பல நாடுகளைச் சேர்த்துப் போட்ட பெரிய பிரிவு, அதுதான் வளநாடு. ராஜராஜன் காலத்தில், காவிரிப் பக்கத்துச் சோழ மண்டலத்தில் வந்தது. 'அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் நடுவே உய்யக்கொண்டார் வளநாடு' என்று ஆற்றையே எல்லையாகப் போட்டு, ராஜாவின் பட்டப்பெயரை வைத்தார்கள். மாவட்டத்துக்குச் சொந்தம் வேண்டுமென்றால் இதைத் தேடுங்கள். பெயர் மாற்றுகிற வியாதிகூட ஒன்றுதான். புலியூர்க் கோட்டமே பிறகு "குலோத்துங்கசோழ வளநாடு" ஆனது. நம் ஆட்கள் மாவட்டங்களுக்குத் தலைவர் பெயர் வைத்து, 1997இல் எல்லாவற்றையும் எடுத்தார்களே, அந்தக் கதைதான்.

சோழ மண்டலத்தில் கோட்டம் என்ற பிரிவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மேப்பில் "தஞ்சைக் கோட்டம்" இருக்கிறது! அதற்கு நாலாயிரம் லைக்.

"சும்மா ஒப்பீட்டுக்குத்தானே, ஜனங்களுக்குப் புரியணும்ல?" ஒப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது. ஒப்பிடுவது வேறு, சமம் என்று அடித்துச் சொல்வது வேறு.

"தமிழன் பெருமை பேசினா உனக்கு ஏன் எரியுது?" இதற்கு என்ன பதில் சொல்ல. பதினொரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, கோவில் கோவிலாகப் போய் சுவரின் அடித்தளமான அதிட்டானத்தில் குந்தி உட்கார்ந்து கல்வெட்டை எழுத்து எழுத்தாகப் படிக்கிறவனுக்குத் தமிழ் பிடிக்காதாம்.

"நீ என்ன ப்ரொபசரா?" இல்லைங்க, பேங்க் கிளார்க். அந்தக் கமெண்டுக்கு ஹா ஹா போட்டவர்களில் ஒருவர் என்னோடு திருசூலத்துக்கு வந்தவர். "சுரத்தூர் நாட்டு" என்ற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப்போய் 'சு' தெரியாமல் இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கைக்குட்டையை நனைத்துத் துடைத்துக் கொடுத்தது அவர்தான். பார்த்தேன் சார், ஹா ஹாவைப் பார்த்தேன்.