டிவி விழுந்தது சரி, பில் ஏன் அந்த அக்கா தலையில் விழுந்தது?

இரண்டு நாளாக நம்ம குடும்ப குரூப்பில் ஓடுவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஓணம் ஆஃபரில் அண்ணன் வீட்டில் வாங்கிய 55 இஞ்ச் டிவி, தூசி துடைக்கும்போது ஸ்டாண்டோடு சாய்ந்து விழுந்துவிட்டது. துடைத்தது வேலைக்கு வரும் அக்கா. மாசச் சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், இனி வரும் மாதங்களிலும் பிடித்துக்கொள்வார்களாம். அதற்குக் கீழே கைதட்டும் பொம்மை எத்தனை பேர் போட்டீர்கள் என்று நானும் பார்த்தேன். அங்கே எழுதினால் "பெரியவங்க பேசும்போது" என்று ஆரம்பிப்பீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

குரூப்பில் ஒருத்தர், "வாரண்டி இருக்கே, கம்பெனிக்குப் போன் போடுங்க" என்றார். இன்னொருத்தர், "வீட்டு லோனோட இன்சூரன்ஸ் போட்டிருக்கோமே, அதுல வரும்" என்றார். இரண்டும் வராது. கை தவறி விழுந்த பொருளுக்கு, "தற்செயல் சேதம்" என்று பாலிசிக் காகிதத்தில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, யாரும் காசு தர மாட்டார்கள். கடைக்காரர் "எல்லாம் கவர் ஆகும் சாரே" என்று சொன்னதற்கு மதிப்பு கிடையாது, காகிதத்தில் இருப்பதற்குத்தான் மதிப்பு.

வாரண்டி என்பது தயாரிப்புக் குறைபாட்டுக்கு. பானலில் தானாகக் கோடு விழுந்தால், போர்டு போனால் பார்ப்பார்கள். கூடுதல் காசு கட்டி வாங்கும் நீட்டித்த வாரண்டியும் பெரும்பாலும் அதே குறைபாட்டுக்குத்தான், வருஷம் மட்டும் கூடும். "தானாவே இப்படி ஆயிடுச்சுன்னு சொல்லிப் பாருங்க" என்று ஒரு மாமா யோசனை சொல்லியிருந்தார். மாமா, சர்வீஸுக்கு வருகிற பையன் இதைத் தினமும் பார்க்கிறவன். அடிபட்ட பானலில் ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடும், அதைச் சுற்றி மை கொட்டினது போலக் கறுப்பு பரவும். வந்த வேகத்தில் ஜாப் ஷீட்டில் "பிசிகல் டேமேஜ்" என்று எழுதிவிட்டுப் போவான். பானல் மாற்ற அவன் சொல்லும் விலையைக் கேட்டால் புது டிவியே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

அடுத்து வீட்டு இன்சூரன்ஸ். எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் விதி வந்தது. கட்டிடத்தோடு வீட்டுச் சாமானையும் சேர்த்து எடுத்தால், கட்டிடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சத்துக்கு, பட்டியல் கொடுக்காமலே சாமான்களுக்குக் கவர் உண்டு. 30 லட்சத்துக்கு வீட்டைக் காட்டியிருந்தால் 6 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதனால் சேதம் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு: தீ, இடி, வெள்ளம், புயல், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைவது, வெளியிலிருந்து வண்டியோ மரமோ வந்து மோதுவது, இப்படி. வீட்டுப் பக்கத்துத் தென்னை மரம் கூரையைப் பிய்த்துக்கொண்டு இதே டிவிமேல் விழுந்திருந்தால் கேட்கலாம். துலாவர்ஷ மழையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விழுகிற இடியில் வீடு தீப்பிடித்து டிவி கருகியிருந்தாலும் கேட்கலாம். துணி பிடித்த கை பட்டு விழுந்தால் பைசா கிடையாது. அதுவும் லோனோடு பேங்க்காரர் தள்ளிவிட்ட பாலிசி பல வீடுகளில் கட்டிடத்துக்கு மட்டும்தான். எடுத்துப் பாருங்கள். பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டுக் கண்ணாடி டீப்பாய் கதை. தங்கச்சி பையன் இரும்பு லாரி பொம்மையை அதன் விளிம்பில் இடித்தான். டஃபன்டு கண்ணாடிக்கு நடுப்பகுதிதான் பலம், விளிம்பில் கூரான அடி பட்டால் போச்சு. முழுப் பலகையும் ஒரே நொடியில் கற்கண்டு மாதிரி உதிர்ந்தது. நல்ல வேளை, அந்த வகை கண்ணாடி மொட்டைத் துண்டாகத்தான் உடையும், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா பழைய வகை ஹவுஸ்ஹோல்டர்ஸ் பாலிசி வைத்திருந்தார், பிரிவு பிரிவாகப் போடுவது. அதில் கண்ணாடி என்று தனிப் பிரிவே இருந்தது. சந்தோஷமாகப் போனோம். இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்த மேடம் அலுக்காமல் விளக்கினார்: அது ஜன்னல், கதவு மாதிரி கட்டிடத்தில் பொருத்திய கண்ணாடிக்கு, நகர்த்தும் மேசைக்கு இல்லை. அதே பாலிசியில் டிவிக்கென்றும் தனிப் பிரிவு இருந்தது, அதில் வெளி அடிபட்ட விபத்தும் சேரும். அந்தப் பிரிவுக்கு மட்டும் அப்பா பிரீமியம் கட்டவில்லை! கடைசியில் கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்துப் புதுப் பலகை போட்டோம். டஃபன்டை அப்புறம் அறுக்க முடியாது, அளவுக்கு வெட்டிய பிறகுதான் சூளைக்குப் போகும். அதனால் காத்திருக்க வேண்டியிருந்தது. காசு கொடுத்தது நாங்கள். தங்கச்சி பையனிடம் யாரும் வசூல் செய்யவில்லை.

உடனே வருவீர்கள், "குழந்தையும் சம்பளத்துக்கு வர்ற ஆளும் ஒண்ணா" என்று. ஒன்றில்லை. குழந்தை விளையாடியது. அந்த அக்கா உங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தார். சுவரில் மாட்ட ஆள் வருவதற்குள் இரண்டு குட்டிக் கால்மேல் அந்தப் பெரிய டிவியை நிறுத்தியது யார்? சாயாமல் பின்னால் பட்டை போட்டுக் கட்டவில்லையே, அது யார் வேலை? "கவனமா இருந்திருக்கணும்" என்கிறீர்கள். இருந்திருக்கலாம். அதே டிவியை அண்ணன் இடித்துத் தள்ளியிருந்தால் "கண் திருஷ்டி" என்று பூசணிக்காய் உடைத்திருப்பீர்கள்.

"நீ என்ன, இன்சூரன்ஸ் ஏஜெண்டா" என்று ஒருத்தர் கேட்பார், அவர் யார் என்றும் தெரியும். இல்லை. இந்தத் தற்செயல் சேதக் கவரை எல்லாரும் எடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. டிவி வாங்கும்போதே திரை உடைவதற்கும் சேர்த்து ஒரு பிளான் விற்பார்கள், சில வீட்டு பாலிசிகளில் தற்செயல் சேதத்தைக் கூடுதலாகச் சேர்க்கலாம். கிளெய்ம் ஆனாலும் முதலில் ஒரு தொகையை நாமே ஏற்க வேண்டும், பொருள் பழசாக ஆக தேய்மானமும் பெரும்பாலும் கழிப்பார்கள். கீறலுக்குக் கிடைக்காது. சின்ன டிவிக்கு அது கட்டுப்படியாகாது, ஒப்புக்கொள்கிறேன். எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்வது உங்கள் இஷ்டம். ஆனால் எடுக்காமல் மிச்சம் பிடித்த காசு உங்கள் பையில், விழுந்ததும் நஷ்டம் அந்த அக்கா பையிலிருந்தா? கவர் இல்லாத பொருளுக்குப் பொறுப்பு பொருளின் சொந்தக்காரருக்கு. இதைச் சொல்ல வக்கீல் வேண்டாம்.

சொல்லவே கூடாது என்றிருந்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நம்ம சொந்தக்காரர்கள் முறை வைத்து வந்து ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்துவிட்டுப் போனீர்கள். ராத்திரி படுத்தது இதே அக்கா. அதற்குக் கொடுத்த காசை வாங்க மாட்டேன் என்று அவர் போராடியதை நான் பார்த்தேன். குரூப்பில் அவரை "அது" "அது" என்று எழுதுகிறீர்கள்.

அண்ணி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நிறுத்தி வைத்த சம்பளத்தை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். டிவிக்கு எவ்வளவு குறைகிறதோ, அண்ணனை நேராக எனக்கே போன் பண்ணச் சொல்லுங்கள்.