அம்புக்குறி போட்டுவிட்டார்களாம்

கல்லூரி விண்ணப்பப் பக்கத்தில் உள்ள விதிமுறைகள் இணைப்பு, சொல்லாமலே புதிய சாளரத்தில் திறக்கிறது என்று நான் எழுதிய புகாரையும், அதை வடிவமைத்தவர் தந்த பதிலையும் பெரும்பாலோர் படித்திருப்பீர்கள். "இணைப்பின் அருகிலேயே அம்புக்குறி இருக்கிறது. புதிய சாளரத்தில் திறக்கும் என்று அதைப் பார்த்தாலே எல்லோருக்கும் தெரியும்" என்கிறார். பார்த்தாலே! பார்வையில்லாதவன் எழுதிய புகாருக்கு இதுதான் பதில்.

அந்த அம்புக்குறி பின்னணிப் படமாக வைக்கப்பட்டிருக்கிறது. பின்னணிப் படத்துக்கு மாற்று உரை எழுத முடியாது. ஆகவே திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என் திரைவாசிப்பானான என்விடிஏ சொல்வது, "விதிமுறைகள், இணைப்பு". அவ்வளவுதான்.

நடந்ததை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் அதைப் படிக்காமலே எனக்கு அறிவுரை சொல்ல வந்துவிட்டார்கள். தங்கை மகளுக்காகப் பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாவற்றையும் நிரப்பி முடித்து, கடைசியில் அந்த இணைப்பில் என்டர் தட்டினேன். விதிமுறைகள் பக்கத்தின் தலைப்பை என்விடிஏ படித்தது. அதே தாவலில் பக்கம் மாறினாலும் அது தலைப்பைத்தான் படிக்கும். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். படித்து முடித்ததும், திரும்பிப் போக ஆல்ட்டுடன் இடது அம்பை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. புதிய சாளரம் என்று அவர்கள் சொல்வது உலாவியில் புதிய தாவலாகத்தான் திறந்திருக்கிறது; அதற்கு முந்தைய பக்கம் என்று எதுவும் கிடையாது. பின்னால் போக வழியில்லை என்று அது வாய்திறந்து சொல்லவும் சொல்லாது. பக்கம் உறைந்துவிட்டது என்று நினைத்து, மேலே இருந்த "விண்ணப்பம்" என்ற இணைப்பைத் தட்டினேன். வெற்றுப் படிவம் வந்தது. எல்லாம் போயிற்று என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். பிறகு வந்த தங்கை மகள் திரையைப் பார்த்துவிட்டு, "மாமா, முதல் தாவலில் எல்லாம் நிரப்பியபடி அப்படியே இருக்கிறதே" என்றாள்.

"படிவம் அழியக் கூடாது என்பதற்காகத்தான் புதிய சாளரமே வைத்தோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயம். நான் எங்கே மறுத்தேன்? படிவத்துக்கு நடுவில் உதவிக் குறிப்பையோ விதிமுறைகளையோ படிக்க நேர்ந்தால் புதிய சாளரம் நல்லதுதான் என்று, இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான உலகளாவிய வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி.யின் விளக்கக் குறிப்புகளே சொல்கின்றன. திறக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் திறங்கள் என்கிறேன். சொல்ல வேண்டிய இடம் இணைப்பின் உரை:

```html
<a href="rules.html" target="_blank">விதிமுறைகள் (புதிய சாளரத்தில் திறக்கும்)</a>
```

இவ்வளவுதான் வேலை. பக்கத்தின் தலையில் "அம்புக்குறி உள்ளவை புதிய சாளரத்தில் திறக்கும்" என்று எழுதிவைத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. நாங்கள் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதில்லை. டேப் விசையால் இணைப்புக்கு இணைப்பு தாவுகிறோம், அல்லது இன்செர்ட்டுடன் எஃப்7 அழுத்தி இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுக்கிறோம். அங்கே வருவது இணைப்பின் உரைதான்; மேலே எழுதிய குறிப்பு வராது. `title` பண்பில் எழுதினாலும் அதை நம்ப முடியாது. சில திரைவாசிப்பான்கள் படிக்கும், சில படிக்காது, சிலவற்றில் அமைப்பை மாற்றினால்தான் படிக்கும்.

"அடைப்புக்குறிக்குள் இத்தனை எழுத்து வந்தால் அழகு கெடும்." சரி, அழகையும் காப்பாற்றுவோம். அம்புக்குறியைப் பின்னணியிலிருந்து எடுத்து, இணைப்புக்குள்ளேயே படமாக வைத்து, அதன் மாற்று உரையான `alt`-ல் "புதிய சாளரத்தில் திறக்கும்" என்று எழுதுங்கள். ஒரு புள்ளிகூடக் கூடுதலாகத் தெரியாது. சொற்களை எழுதிவிட்டு `display:none` போட்டு மறைத்தால் மட்டும் எனக்கும் சேர்த்தே மறைந்துவிடும். அந்தப் புத்திசாலித்தனம் வேண்டாம்.

சொல்லிவிட்டுத் திறக்க வேண்டும் என்ற இந்த விதி டபிள்யூ.சி.ஏ.ஜி.யின் மிக உயர்ந்த நிலையான மூன்று ஏ நிலையில்தான் வருகிறது, கட்டாயமில்லை என்று சட்டம் பேசியவருக்கு: உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். கட்டாயமில்லாத எதையும் செய்யாதவர் நீங்கள் என்பதையும் தெரிந்துகொண்டேன். கைபேசியில் பின்செல்லும் பொத்தானை அழுத்தினாலே பழைய பக்கம் வருகிறதே என்றவருக்கு: பெரும்பாலும் வருகிறது, மகிழ்ச்சி. நான் கணினியில் இருந்தேன்.

இதற்கெல்லாம் எனக்கு வருத்தமில்லை. "இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்ளலாமே" என்று ஓர் அம்மா எழுதியிருந்தார், அதற்கு விருப்பக்குறிகள் வேறு குவிந்திருந்தன. அம்மா, என் வங்கிக் கடவுச்சொல்லையும், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும், மருத்துவ அறிக்கையையும் அந்த "யாரையாவது" முன்னால்தான் நான் திறக்க வேண்டுமா? நீங்கள் அப்படித்தான் திறக்கிறீர்களா? பிள்ளை ஊருக்குப் போயிருந்தால் அவன் வரும்வரை மின்கட்டணம் காத்திருக்குமா? மூன்று சொல் எழுதச் சொன்னவனுக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

இன்று காலை அந்தப் பக்கத்தை மறுபடியும் திறந்து பார்த்தேன். மாற்றம் செய்திருக்கிறார்கள். அம்புக்குறியைப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று தங்கை மகள் சொல்கிறாள்.