இருபத்து நான்கு எண்களுக்குக் கீழே என் பெயர்

சிறப்பு மலரின் பதினான்காம் பக்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பந்தியை மாற்றி, என் பெயரிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்; அது பற்றி நேற்றிலிருந்து இங்கு விவாதம் நடக்கிறது. என் பந்தியை மாற்றியவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. மாற்றியதால் என்ன கெட்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கொழும்பின் மழையையும் எங்கள் திருகோணமலையின் மழையையும் ஒப்பிடுவதுதான் அந்தப் பந்தியின் வேலை. அச்சில் வந்திருப்பதோ, கொழும்பின் பன்னிரண்டு மாதச் சராசரிகளும் அவை முடிந்த பிறகு எங்கள் பன்னிரண்டு மாதச் சராசரிகளும் தசமத்தோடு அடுக்கப்பட்ட ஒரே வாக்கியம். கொழும்பின் மே மாதத்துக்குரிய 392.4 மில்லிமீற்றரை எங்கள் மே மாதத்தோடு ஒப்பிட விரும்புபவர், இடையில் கிடக்கும் பதினொரு எண்களையும் தாண்டும்வரை அதை நினைவில் சுமந்துகொண்டே வரவேண்டும்.

நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: “ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை இரண்டு நகரங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு மழை பெய்கிறது, கொழும்பில் சுமார் 950 மில்லிமீற்றர், திருகோணமலையில் சுமார் 900. வேறுபாடு மற்ற ஒன்பது மாதங்களில்தான் இருக்கிறது. கொழும்பில் சுமார் 1,550, திருகோணமலையில் சுமார் 700.” நான்கே எண்கள். சொல்லவேண்டிய விடயம் முன்னால் நிற்கிறது, எண்கள் அதற்குச் சாட்சி சொல்ல வருகின்றன. ஒப்பிடவேண்டிய இரண்டும் அருகருகே இருக்கின்றன. இரண்டு இடத்திலும் கொழும்பு முதலில், நாங்கள் பிறகு. இந்த வரிசையை ஒருமுறை புரட்டிப் போட்டாலே வாசகர் தடுமாறுவார்.

மலர் கைக்கு வந்த அன்று தம்பலகாமத்திலுள்ள சித்தப்பாவிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். நாற்பது வருடங்களாக மழையைப் பார்த்து வயல் செய்பவர். ஆறாவது எண்ணில் கையை உயர்த்தி, “மகன், அப்ப எங்கட பக்கம் மழை கூடவோ குறைவோ, அதைச் சொல்லு” என்றார். என் பழைய நான்கு எண்களைச் சொன்னேன். உடனே, “அதுதானே, தென்மேல் பருவத்தில அவங்களுக்குப் பெய்யிற மழை மலையைத் தாண்டி எங்களுக்கு வாறதில்லையே” என்று காரணத்தையே அவர் எடுத்து வைத்தார். இருபத்து நான்கு எண்களால் முடியாதது அது.

இதைவிட மோசமானது அடுத்த வாக்கியம். ஆண்டு மழையில் திருகோணமலை கொழும்பைவிட 38 வீதம் குறைவு என்று சொல்லிவிட்டு, மூன்று வரிகள் தள்ளி, கொழும்பு திருகோணமலையைவிட 61 வீதம் அதிகம் என்றும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே இடைவெளிதான். முதல் வீதம் கொழும்பை அடியாக வைத்துக் கணித்தது, இரண்டாவது எங்களை அடியாக வைத்துக் கணித்தது. இவை இரண்டு வேறு தகவல்கள் என்று நினைத்துக்கொண்டு என்னிடமே விளக்கம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு பந்திக்கு ஓர் அடிதான் இருக்கவேண்டும்.

“எண்ணை முழுமையாக்குவது பொய் சொல்வதற்குச் சமம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, ஓர் ஆண்டின் மழை மற்றோர் ஆண்டிலிருந்து நூற்றுக்கணக்கான மில்லிமீற்றர்களால் மாறக்கூடியது. அப்படிப்பட்ட ஒன்றின் சராசரியில் தசமப் புள்ளிக்குப் பின்னாலுள்ள ஓர் இலக்கம் எந்த உண்மையைக் காப்பாற்றுகிறது? முழுத் தரவு வேண்டுபவருக்காகத்தான் பக்கத்தின் அடியில் அட்டவணை போடச் சொல்லியிருந்தேன். மாதம் ஒரு வரி, நகரம் ஒரு நிரல். அட்டவணையில் கண் தேடிப் போகும். பந்தியில் கண் வரிசையாகத்தான் நடக்கும். அந்த அட்டவணையை “இடமில்லை” என்று எடுத்துவிட்டு அதன் எண்களைப் பந்திக்குள் கொட்டியவர்கள்தான் இப்போது எனக்கு நேர்மை கற்பிக்கிறார்கள்.

ஒரு நண்பரின் ஆட்சேபத்தை மட்டும் ஏற்கிறேன். ஐம்பதுக்கு முழுமையாக்கிய எண்களை வைத்துக்கொண்டு 950க்கும் 900க்கும் இடையிலான ஐம்பதைப் பற்றி எதுவும் பேச முடியாது என்றார். சரிதான். அதனால்தான் “ஏறக்குறைய ஒரே அளவு” என்றேனே தவிர, கொழும்பு கொஞ்சம் கூட என்று எழுதவில்லை. ஜூன் மாதத்தைத் தனியாகச் சொல்வதானாலும் இந்த முழுமையாக்கல் உதவாது. எங்கள் ஜூனில் பெய்யும் சிறிதளவு மழையை ஐம்பதுக்கு முழுமையாக்கினால் அதன் உண்மையான அளவே தெரியாமல் போய்விடும்.

“வாசகர்கள் படித்தவர்கள், அவர்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்” என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. படித்தவரின் நினைவும் அவ்வளவுதான் சுமக்கும். இருபது வருடங்களாக இந்த ஊரில் கணிதம் படிப்பித்தவன் எண்களுக்குப் பயந்து சுருக்கினான் என்று ஒரு பின்னூட்டம் சொல்கிறது; அதற்கு எண்பது பேர் சிரித்திருக்கிறார்கள். சிரியுங்கள். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிவிட்டு, அதன் கீழே என் பெயரை மட்டும் அப்படியே விட்டிருப்பது ஏன்? மீதிப் பிரதிகள் இன்னும் விநியோகிக்கப்படவில்லை என்று கேள்விப்பட்டேன். அட்டவணைக்கு இடமில்லாத அந்தப் பக்கத்தில் என் பெயரை மறைக்க ஒரு சிறிய துண்டுக் காகிதம் ஒட்டுவதற்காவது இடமிருக்கும். ஒட்டிவிடுங்கள்.